விலையுயர்ந்த நிலமும் வருவாயுள்ள நிலமும்
மோனோபொலிப் பலகை பற்றி ஒரு மதிப்பீடு

பகடை உருட்டி, நிலம் வாங்கி, வீடு கட்டி, வந்து நிற்பவரிடம் வாடகை வாங்கும் மோனோபொலி விளையாட்டைப் பற்றிக் கோலாலம்பூரிலும் கிள்ளானிலும் உள்ள குடும்பங்களில் இரண்டு கருத்துகள் வழங்குகின்றன. பெரியவர்கள் பலர், பலகையிலேயே விலை உயர்ந்த கருநீல நிலங்களையும் பச்சை நிலங்களையும் பிடித்தவரே வெல்வார் என்கின்றனர். சற்றுக் கணக்கறிந்த இளைஞர்களோ, "ஆரஞ்சு நிறத்தில்தான் ஆட்கள் அதிகம் வந்து நிற்கிறார்கள், அதை வாங்கு" என்கின்றனர். முன்னது விலையைப் பார்த்துச் சொன்ன தீர்ப்பு. பின்னது வந்து நிற்கும் வாய்ப்பைப் பார்த்துச் சொன்ன தீர்ப்பு. முதல் தீர்ப்பு பெரும்பாலும் தவறு. இரண்டாவது தீர்ப்பின் முடிவு சரி, ஆனால் அதற்குச் சொல்லப்படும் காரணம் பாதியே சரி. மீதிப் பாதி எங்கே இருக்கிறது என்பதைக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆய்வுக்கு எடுத்துக்கொள்வது லண்டன் தெருப் பெயர்கள் கொண்ட பலகை. இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் இருந்த வாடிங்டன் கம்பெனி 1930-களின் நடுவில் வெளியிட்ட இந்தப் பதிப்பே ஆங்கிலேயர் ஆட்சி நடந்த நாடுகளில் பெரிதும் பரவியது. பலகையைச் சுற்றி 40 கட்டங்கள். அவற்றுள் 22 தெருக்கள், எட்டு நிறத் தொகுதிகளாகப் பிரிந்துள்ளன. ஒரு தொகுதி முழுவதும் ஒருவர் கைக்கு வந்தபின்தான் அவர் அதில் வீடு கட்டலாம். கட்டும்போது ஒரே தெருவில் குவிக்காமல், தொகுதி முழுவதும் சமமாகவே கட்டிச் செல்ல வேண்டும். இந்த இரு விதிகளும் பின்னர் வரும் கணக்குக்கு அடிப்படை.

பகடையின் கணக்கு

தாயக்கட்டை உருட்டிப் பழகியவர்களுக்கு வாய்ப்புக் கணக்கு புதிதன்று. ஒவ்வொரு கட்டையிலும் வெறுமுகம், 1, 2, 3 என நான்கு முகங்கள். இரண்டு கட்டைகளும் சேர்ந்து 16 வகையாக விழலாம். அவற்றுள் தாயம், அதாவது 1, விழுவது இரண்டு வகையில் மட்டுமே; மூன்று விழுவதோ நான்கு வகையில். அதனால்தான் தாயத்துக்குக் காத்துக் கிடப்பவர் நெடுநேரம் காத்துக் கிடக்கிறார்.

மோனோபொலியில் ஆறு முகப் பகடை இரண்டு. அவை 36 வகையாக விழலாம். 7 விழ ஆறு வகை உண்டு. 6-க்கும் 8-க்கும் ஐந்தைந்து வகை, 9-க்கு நான்கு வகை. 2-க்கும் 12-க்கும் ஒவ்வொரு வகை மட்டுமே. ஆகவே ஒரு காய் நிற்கும் இடத்திலிருந்து ஆறு முதல் ஒன்பது கட்டம் தள்ளியுள்ள நிலமே அடுத்த வீச்சில் அதிகம் மிதிபடும் நிலம்.

இனி, காய்கள் எந்த இடத்தில் அதிகம் நிற்கின்றன என்று பார்க்க வேண்டும். அந்த இடம் சிறைக் கட்டம். பலகையின் ஒரு மூலையிலுள்ள "சிறைக்குப் போ" என்னும் கட்டம் காயை அங்கே அனுப்புகிறது. சான்ஸ் சீட்டுகளில் ஒன்றும், கம்யூனிட்டி செஸ்ட் சீட்டுகளில் ஒன்றும் அங்கே அனுப்புகின்றன. மூன்று தடவை தொடர்ந்து இரட்டை போட்டவரும் அங்கேதான் போகிறார். இவை போதாவென்று, வெறும் பார்வையாளராக வந்து நிற்பவரும் அதே கட்டத்திலிருந்துதான் மறுபடி புறப்படுகிறார். பரமபதத்தில் பாம்பின் வால் முடியும் கட்டம்போல, பலகையின் பல பகுதிகளிலிருந்தும் காய்கள் இங்கே வந்து சேர்கின்றன.

சிறைக்கு அப்பால் ஆறாவது, எட்டாவது, ஒன்பதாவது கட்டங்களில் இருப்பவையே போ ஸ்திரீட், மார்ல்பரோ ஸ்திரீட், வைன் ஸ்திரீட் என்னும் மூன்று ஆரஞ்சு நிலங்கள். லண்டன் நகரில் இந்த மூன்று பெயர்களும் காவல் நிலையத்தோடும் குற்றவியல் நீதிமன்றத்தோடும் தொடர்புடையவை; சிறையிலிருந்து வெளிவருபவர் அதிகம் மிதிப்பதும் இவற்றையே. தண்டம் கட்டிவிட்டுச் சிறையிலிருந்து வெளியேறுபவரின் முதல் வீச்சில் 6, 8, 9 ஆகியவற்றுள் ஒன்று விழ, 36 வகையில் 14 வகை உண்டு. நூற்றுக்கு ஏறக்குறைய 39 என்று சொல்லலாம். தண்டம் கட்டாமல் இரட்டைக்குக் காத்திருந்து வெளியேறுபவர்கூட, ஆறு இரட்டைகளில் இரண்டில், அதாவது மூன்று-மூன்றிலும் நான்கு-நான்கிலும், ஆரஞ்சில்தான் விழுகிறார்.

இன்னொரு பக்கமும் உண்டு. "சிறைக்குப் போ" என்னும் மூலை, மஞ்சள் நிலங்களைத் தாண்டி, பச்சை நிலங்களுக்குச் சற்று முன்னால் இருக்கிறது. அங்கே பிடிபட்டவர் பச்சை வழியாகவும் கருநீலம் வழியாகவும் போவதில்லை. பின்னால் இழுக்கப்பட்டு, ஆரஞ்சு வழியாக மீண்டும் ஒருமுறை நடக்கிறார். பச்சை இழந்த வழிப்போக்கர் ஆரஞ்சுக்கு வந்து சேர்கிறார் என்பதே இதன் பொருள். சீட்டுகளும் இதே வேலையைச் செய்கின்றன. ஆரஞ்சைத் தாண்டியுள்ள சான்ஸ் கட்டத்தில் "மூன்று கட்டம் பின்செல்" என்னும் சீட்டு வந்தால், காய் நேராக வைன் ஸ்திரீட்டில் வந்து நிற்கும். பச்சை நிலத்துக்கு அனுப்பும் சீட்டு ஒன்றுகூட இல்லை.

இவ்வளவு காரணங்களையும் ஒன்றுசேர்த்துக் கணக்கிட ஒரு முறை உண்டு. இப்போது நிற்கும் கட்டத்தை மட்டும் வைத்து அடுத்த நிலையின் வாய்ப்பைச் சொல்லும் அந்த முறைக்கு, ருஷ்யக் கணித அறிஞர் மார்க்கோவின் பெயரை வைத்து மார்க்கோவ் சங்கிலி என்று பெயர். அமெரிக்காவின் ஆஷ், பிஷப் என்னும் இருவர் 1972-இல் ஒரு கணித இதழில் இந்த விளையாட்டை அம்முறையில் ஆராய்ந்தனர். அதன்பின் கணிப்பொறி கொண்டு பலர் அக்கணக்கைத் திரும்பச் செய்துள்ளனர். லண்டன் பலகையில் சில சீட்டுகள் மாறுவதால் எண்கள் சற்றே நகரும். வரிசை பெரிதாக மாறாது.

அதன்படி, எதிராளியின் காய் 1,000 தடவை எங்கேனும் நின்றால், மூன்று ஆரஞ்சு நிலங்களிலும் ஏறத்தாழ 28, 29, 31 தடவை நிற்கும். பச்சை நிலங்களில் 27, 26, 25 தடவை. கருநீலத்தில் பார்க் லேனில் 22 தடவை, சீட்டின் உதவியுள்ள மேஃபேரில் 26 தடவை. தெருக்களுள் முதலிடம் சிவப்புத் தொகுதியின் டிரபால்கர் சதுக்கத்துக்கு; அதற்கு 32. அங்கே அனுப்பும் சீட்டு ஒன்று இருப்பது அதற்கு ஒரு காரணம்.

வாய்ப்பு மட்டும் போதுமா?

மேலே கண்ட எண்களை ஊன்றிப் பார்த்தால் இளைஞர்களின் வாதத்தில் உள்ள குறை புலப்படும். ஆரஞ்சுக்கு 29, பச்சைக்கு 26 என்றால், வேறுபாடு பத்தில் ஒரு பங்கே. பச்சை நிலத்தின் வாடகையோ ஆரஞ்சைவிட ஒன்றரை மடங்குக்கு மேல். மூன்று வீடு கட்டிய போ ஸ்திரீட்டில் வாடகை 550 பவுன். மூன்று வீடு கட்டிய ரீஜண்ட் ஸ்திரீட்டில் 900 பவுன். பத்தில் ஒரு பங்கு கூட்டம் குறைந்தாலும், இவ்வளவு கூடுதல் வாடகை வருமானால் பச்சையே அல்லவா மேல்? வந்து நிற்கும் வாய்ப்பை மட்டும் சொல்லிக்கொண்டிருப்பவரால் இந்தக் கேள்விக்கு விடை சொல்ல முடியாது. விடை, வீட்டின் விலையில் இருக்கிறது.

ஆரஞ்சில் ஒரு வீடு கட்ட 100 பவுன். சிவப்பிலும் மஞ்சளிலும் 150. பச்சையிலும் கருநீலத்திலும் 200. ஒரு தொகுதியில் வாடகை எப்படி உயர்கிறது என்பதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். போ ஸ்திரீட்டை எடுத்துக்கொண்டால், தொகுதி முழுவதும் ஒருவர் கையில் இருந்து வீடு இல்லாத நிலையில் வாடகை 28. ஒரு வீடு கட்டினால் 70. இரண்டு கட்டினால் 200. மூன்று கட்டினால் 550. நான்கு கட்டினால் 750. ஹோட்டல் எழுப்பினால் 950.

இந்தப் படிக்கட்டில் ஒரு படி மட்டும் மற்றவற்றினும் உயரமானது. முதல் வீட்டுக்குச் செலவழித்த 100 பவுன் வாடகையில் 42 பவுனைத்தான் கூட்டுகிறது. இரண்டாவது வீடு 130 பவுனைக் கூட்டுகிறது. மூன்றாவது வீடு 350 பவுனைக் கூட்டுகிறது. நான்காவதும் ஹோட்டலும் 200, 200 என்று இறங்கிவிடுகின்றன. ஏறக்குறைய எல்லா நிறங்களிலும் இப்படித்தான்; இரண்டிலிருந்து மூன்றுக்கு ஏறும் படியே பெரும்படி. ஆகவே ஒருவர் கேட்க வேண்டிய கேள்வி, "எந்த நிலத்தின் வாடகை அதிகம்?" என்பதன்று. "கையிலுள்ள பணத்தைக் கொண்டு எந்த நிலத்தில் மூன்றாவது வீட்டை எட்ட முடியும்?" என்பதே.

ஒரு கைமாற்றின் கணக்கு

இதனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். பிரிக்பீல்ட்ஸில் ஒரு வீட்டில் நால்வர் ஆடுகின்றனர் எனக் கொள்க. கிள்ளானிலிருந்து வந்த மாமாவிடம் பச்சை நிலங்களில் ரீஜண்டும் ஆக்ஸ்போர்டும் இருக்கின்றன. ஆரஞ்சில் வைன் ஸ்திரீட்டும் இருக்கிறது. மருமகனிடம் மற்ற இரண்டு ஆரஞ்சு நிலங்களும், பச்சையில் மிச்சமுள்ள பாண்ட் ஸ்திரீட்டும் இருக்கின்றன. பாண்டின் விலை 320 பவுன். வைனின் விலை 200 பவுன். "பாண்டைத் தருகிறேன், மாமா, வைனைத் தாருங்கள்" என்கிறான் மருமகன். மாமா மகிழ்ந்து மாற்றிக்கொள்கிறார். பார்த்திருப்பவர்கள், பையன் 120 பவுன் ஏமாந்தான் என்று சிரிக்கின்றனர். இருவர் கையிலும் இப்போது 900 பவுன் பணம் இருக்கிறது.

மருமகன் 900 பவுனுக்கு ஒன்பது வீடுகள் கட்டுகிறான். நிலத்துக்கு மூன்று வீடு; வாடகை 550, 550, 600. மாமாவால் அதே பணத்தில் நான்கு வீடுகள்தாம் கட்ட முடியும். 100 பவுன் மிஞ்சும். சமமாகக் கட்ட வேண்டும் என்னும் விதிப்படி பாண்டில் இரண்டு வீடு, மற்ற இரண்டில் ஒவ்வொன்று. வாடகை 130, 130, 450.

எதிராளி 1,000 தடவை நின்றால் மருமகனுக்கு வருவது 28 தடவை 550, 29 தடவை 550, 31 தடவை 600. கூட்டினால் ஏறக்குறைய 50,000 பவுன். அதாவது எதிராளி ஒரு தடவை எங்கே நின்றாலும், சராசரியாக 50 பவுன். மாமாவுக்கு வருவது 27 தடவை 130, 26 தடவை 130, 25 தடவை 450. மொத்தம் 18,000-க்குச் சற்று மேல். நிறுத்தம் ஒன்றுக்கு 18 பவுன். 120 பவுன் ஏமாந்ததாகச் சொல்லப்பட்டவன், விலையுயர்ந்த நிலம் பெற்றவரைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு சம்பாதிக்கிறான்.

இதே 900 பவுனை வேறு நிறங்களில் இட்டிருந்தால் என்ன ஆகும்? கருநீலத்தில் நிலத்துக்கு இரண்டு வீடு. நிறுத்தம் ஒன்றுக்கு 27 பவுன். சிவப்பிலும் நிலத்துக்கு இரண்டு வீடு, 23 பவுன். சிறையை அடுத்துள்ள இளஞ்சிவப்புத் தொகுதியில் ஒன்பது வீடு கட்டலாம். ஆயினும் 35 பவுனே. எல்லோரும் ஏளனம் செய்யும் வெளிர்நீலத்தில் வீடு ஒன்றுக்கு 50 பவுன்தான். 750 பவுனில் மூன்று ஹோட்டல்களும் எழும்பிவிடும். அதன் வருவாய் நிறுத்தம் ஒன்றுக்கு 39 பவுன். பணம் அளவாக இருக்கும் வேளையில், மலிந்த வெளிர்நீலம் மேஃபேரைவிட மேலானது என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். ஆனால் ஆரஞ்சின் 50 பவுனை எந்த நிறமும் எட்டவில்லை. கூட்டம் வரும் வழியில் இருத்தல், வீட்டு விலை குறைந்திருத்தல், மூன்றாவது படி உயர்ந்திருத்தல் ஆகிய மூன்றும் ஆரஞ்சில் ஒருங்கே கூடியிருப்பதே காரணம். வந்து நிற்கும் வாய்ப்பு அம்மூன்றில் ஒன்று மட்டுமே.

பணம் பெருகினால் தீர்ப்பும் மாறும். 1,800 பவுன் இருந்தால் பச்சையில் ஒன்பது வீடுகள் கட்டலாம். நிறுத்தம் ஒன்றுக்கு 73 பவுன் வரும். ஆரஞ்சுக்காரருக்கு 1,500 பவுனிலேயே மூன்று ஹோட்டல்கள் எழும்பிவிடும். வருவாய் 85 பவுன். அப்போதும் ஆரஞ்சே முந்துகிறது. ஆனால் 2,250 பவுனில் சிவப்பிலும் மஞ்சளிலும் மூன்று ஹோட்டல்கள் கட்டியவருக்கு 93 பவுன் வரும். 3,000 பவுனில் பச்சை முழுவதும் ஹோட்டல் கட்டியவருக்கு 103 பவுன் வரும். ஆரஞ்சு அதற்குமேல் வளர இடமில்லை. ஆகவே "ஆரஞ்சே எப்போதும் சிறந்தது" என்பதும் பிழை. ஒவ்வொருவருக்கும் தொடக்கத்தில் கிடைக்கும் பணம் 1,500 பவுன் என்பதையும், அதில் பெரும்பகுதி நிலம் வாங்கவே போய்விடும் என்பதையும் எண்ணினால், ஆட்டத்தின் நடுப்பகுதியில் 3,000 பவுனோடு இருப்பவர் அரியவர் என்பது விளங்கும். அந்த நடுப்பகுதியில்தான் பெரும்பாலான ஆட்டங்களின் வெற்றி தோல்வி முடிவாகிறது.

கணக்கறிந்தவர் தோற்கும் இடங்கள்

சராசரி என்பது வாக்குறுதி அன்று. ஒரு காய் பலகையை ஒருமுறை சுற்றிவர ஏறக்குறைய ஆறு வீச்சுகள் ஆகும். அந்தச் சுற்றில் அது ஆரஞ்சு நிலங்களுள் ஒன்றையேனும் மிதிக்கும் வாய்ப்பு, பத்தில் நான்குக்குச் சற்று மேல்தான். பாதிக்கு மேற்பட்ட தடவை தப்பிப் போய்விடும். அதற்குள் வீடு கட்டியவர் வேறொருவர் நிலத்தில் மாட்டிக்கொண்டால் என்ன செய்வார்? வீட்டை வங்கிக்குத் திருப்பிக் கொடுத்தால் பாதி விலைதான் கிடைக்கும். 900 பவுனுக்குக் கட்டிய ஒன்பது வீடுகள் 450 பவுனாகச் சுருங்கிவிடும். கணக்கறிந்தவர்கள் தோற்பது பெரும்பாலும் இப்படித்தான். நிறத்தைச் சரியாகத் தேர்ந்து, வேளையைத் தவறாகத் தேர்கிறார்கள்.

வேளையை அறிய எளிய வழி உண்டு. கட்டுவதற்குமுன், தம் காய்க்கு எதிரே இரண்டு முதல் பன்னிரண்டு கட்டங்கள் வரை எண்ணிப் பார்க்க வேண்டும். அங்கே பிறர் கட்டிய நிலங்கள் இருந்தால், அவற்றின் வாடகைக்குப் பணம் கையில் இருத்தல் வேண்டும். பின்னர் எதிராளிகளின் காய்கள் எங்கே நிற்கின்றன என்று பார்க்க வேண்டும். இரண்டு எதிராளிகள் சிறைக் கட்டத்தில் நிற்கிறார்கள், இருவரும் அடுத்த வீச்சில் புறப்படப் போகிறார்கள் என்றால், அவர்களுள் ஒருவரேனும் அந்த ஒரே வீச்சில் ஆரஞ்சில் விழும் வாய்ப்பு நூற்றுக்கு 63. அதுவே கட்ட வேண்டிய வேளை. அவர்கள் ஆரஞ்சைத் தாண்டி மஞ்சளில் நின்றுகொண்டிருக்கும்போது அவசரமாகக் கட்டுவதால் பயனில்லை. பணத்தை வைத்திருந்து, அவர்கள் சுற்றிவரும்போது கட்டலாம். தம் முறை வந்தால்தான் கட்ட வேண்டும் என்று விதி இல்லை. இருவர் வீச்சுகளுக்கு இடையிலும் கட்டலாம்.

சிறையைப் பற்றியும் ஒரு சொல். ஆட்டத் தொடக்கத்தில் நிலங்கள் விற்காமல் கிடக்கும்போது, தண்டம் கட்டி உடனே வெளியே வருவதே முறை. பிறர் வீடுகள் பெருகியபின் சிறையில் இருப்பதே ஆதாயம். அங்கே இருந்தபடியே வாடகை வாங்கலாம், கொடுக்க வேண்டியதில்லை. எல்லோரும் இதை அறிந்துகொண்டால் காய்கள் சிறையில் சற்று நீண்டு தங்கும். மேலே சொன்ன எண்கள் சிறிது மாறும்.

வீடுகளின் எண்ணிக்கைக்கும் எல்லை உண்டு. பெட்டியில் 32 வீடுகளும் 12 ஹோட்டல்களுமே உள்ளன. ஹோட்டல் எழுப்புபவர் நான்கு வீடுகளை வங்கிக்குத் திருப்புகிறார். அவை எதிராளிக்குப் பயன்படும். இரண்டு தொகுதிகளில் நிலத்துக்கு நான்கு வீடாகக் கட்டி நிறுத்தியவர் 24 வீடுகளைத் தம்மிடமே அடக்கி வைத்திருக்கிறார். மிச்சமுள்ள எட்டு வீடுகளைக் கொண்டு பச்சைக்காரரால் நிலத்துக்கு மூன்று வீடு என்னும் படியை எட்டவே முடியாது. இது சட்டத்துக்கு உட்பட்ட வழியே; பார்ப்பவர்க்கு இனிக்காது என்பது வேறு.

வீட்டு விதிகளால் கணக்கு கெடுவதையும் குறிப்பிட வேண்டும். பல குடும்பங்களில் தண்டத்தையும் வரியையும் நடுவில் குவித்து, இலவச நிறுத்தக் கட்டத்தில் நிற்பவருக்கு எடுத்துக் கொடுக்கின்றனர். அச்சிட்ட விதியில் அப்படி இல்லை. இப்படிப் பணம் கொட்டினால் பச்சையும் மஞ்சளும் வலுப்பெறும். ஆரஞ்சின் மேன்மை குறையும். ஆட்டமும் நீளும். மலேசியாவில் வழங்கும் சைடினா போன்ற உள்நாட்டுப் பலகைகளிலும், தமிழ்நாட்டுச் சிறுவர் ஆடும் பிசினஸ் பலகைகளிலும் நிறங்களும் விலைகளும் வேறு. அங்கே ஆரஞ்சைத் தேடி ஓடுவது அறியாமை. சிறை எங்கே இருக்கிறது, அதிலிருந்து ஆறு முதல் ஒன்பது கட்டத்தில் என்ன இருக்கிறது, வீட்டின் விலை என்ன, எந்தப் படியில் வாடகை பாய்கிறது என்னும் நான்கு கேள்விகளையே எடுத்துச் செல்ல வேண்டும்.

விளையாட்டின் மீது ஒரு தீர்ப்பு

இந்தப் பலகையின் ஆதி வடிவத்தை எலிசபெத் மேகி என்னும் அமெரிக்கப் பெண்மணி உருவாக்கி, "நிலக்கிழார் விளையாட்டு" என்னும் பொருள்படும் பெயரில் 1904-இல் காப்புரிமை பெற்றார். ஹென்றி ஜார்ஜ் என்னும் பொருளியல் அறிஞரின் கொள்கையைப் பின்பற்றியவர் அவர். நிலத்தை வைத்திருப்பவன், உழைக்காமலே பிறர் வருகையால் செழிக்கிறான் என்பதைக் காட்டுவது அவர் எண்ணம். சிறைக்கு அனுப்பும் மூலை அவருடைய பலகையிலேயே இருந்தது. பின்னர் பார்க்கர் கம்பெனி 1935-இல் இவ்விளையாட்டை வெளியிட்டபோது, அவர் உரிமைக்குக் கொடுக்கப்பட்டது 500 டாலர்.

அவர் காட்ட விரும்பிய உண்மையைப் பலகை இன்றும் காட்டுகிறது. ஆனால் பாதியே காட்டுகிறது. கூட்டம் நடக்கும் வழியே நிலத்துக்கு மதிப்பைத் தருகிறது என்பது மெய். 2001-இல் கே.எல். சென்ட்ரல் நிலையம் திறக்கப்பட்டபின் பிரிக்பீல்ட்ஸின் ஜாலான் துன் சம்பந்தனில் கடை வைத்திருப்பவர்க்கும், தீபாவளிக்கு முந்திய வாரங்களில் கிள்ளான் ஜாலான் தெங்கு கிலானாவில் துணி விற்பவர்க்கும் இதை எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் மெய்யான ஊரில், கூட்டம் பெருகும் இடத்தில் விலையும் வாடகையும் ஏறிவிடும். பலகையிலோ, 1930-களில் அச்சிட்ட விலை அப்படியே நிற்கிறது. ஆரஞ்சில் எத்தனை பேர் நடந்தாலும் அதன் விலை 180-உம் 200-உம்தான். கூட்டத்துக்கும் விலைக்கும் பொருத்தமில்லாத அந்த இடைவெளியில்தான் கணக்கறிந்தவர் வெல்கிறார். இது விளையாட்டின் குறை. அக்குறை இல்லையென்றால் ஆராய்வதற்கு ஒன்றுமில்லை என்பதும் உண்மை.

இன்னொன்றைப் பலகை குறைவின்றிக் காட்டுகிறது. நல்ல பெயருள்ள நிலம் கையில் இருந்தும், அதில் கட்டக் காசில்லாதவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டே கடனாளியாகிறார். மாமாவின் பச்சை நிலம் தோற்றது அது கெட்ட நிலம் என்பதால் அன்று. நிலத்துக்கு ஒன்பது வீடும் கைக்கு நான்கு வீடும் என்னும் பொருத்தமின்மையால். பிள்ளைகளோடு பலகைமுன் உட்காரும் பெரியவர்கள், ஆட்டம் முடிந்து பணத்தை எண்ணும்போது இந்த ஒன்றை மட்டும் எண்ணிக் காட்டலாம்: வாங்கிய விலை எவ்வளவு என்பதை அன்று, வாங்கியபின் கையில் மிஞ்சியது எத்தனை வீட்டுக்கு ஆகும் என்பதை.